கேபர்கோலின் எழுதும் முன் கேஸ் மாத்திரையைக் கேளுங்க

1/ சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த 28 வயசுப் பெண். நாலு மாசமா பீரியட்ஸ் இல்லை, மார்பில் பால் கசிவு. கர்ப்பம் இல்லை, தைராய்டு நார்மல், புரோலாக்டின் 130. வேறு இடத்தில் கேபர்கோலின் எழுதி, எம்ஆர்ஐயும் சொல்லிட்டாங்க. "தினமும் என்ன மாத்திரை போடுறீங்கம்மா?"ன்னு யாரும் கேக்கலை.

2/ ஆறு மாசமா மெடிக்கல் ஷாப்ல சீட்டில்லாம வாங்கின கேஸ் மாத்திரை. அட்டையைத் திருப்பினா லெவோசல்பிரைடு! புரோலாக்டினுக்கு டோபமைன்தான் கடிவாளம்; இந்த மருந்து அதை அவிழ்த்துவிடும். டோம்பெரிடோனும் அப்படித்தான். நிறுத்தினோம். புரோலாக்டின் 14க்கு இறங்கியது, பீரியட்ஸும் வந்தது.

3/ கேபர்கோலின் நல்ல மருந்துதான், புரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிக்கு. அதுவும் வாரம் ஓரிரு முறை, தினமும் இல்லை. ஒரு மாத்திரை செய்த வேலைக்கு இன்னொரு மாத்திரை எதுக்கு? அட்டையை டாக்டர்கிட்ட காட்டுங்க. மனநல மருந்தை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.