டாங்கிக்கு லாரி வேஷம்... தகர டின்னில் தண்ணீர்க் குழாய்!

மரம், மலை எதுவும் இல்லாத பாலைவனத்தில் ஒரு படையை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?

1942-ல் எகிப்தின் எல் அலமெய்னில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரிக்கு இருந்த பிரச்னை இதுதான். அக்டோபரில் வடக்கே தாக்கப் போகிறார். ஆனால் தாக்குதல் நவம்பரில், அதுவும் தெற்கே என்று ஜெர்மானியர்கள் நம்ப வேண்டும். அவர்களின் வேவு விமானங்களோ மேலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தன. பொறுப்பு ஜெஃப்ரி பார்க்காஸ் தலைமையிலான உருமறைப்புக் குழுவிடம் வந்தது. பார்க்காஸ் யார் தெரியுமா? போருக்கு முன் சினிமா இயக்குநர்!

'சன்ஷீல்டு' என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் கேன்வாஸ் துணி கட்டிய, இரண்டாகப் பிரியும் கூடு. டாங்கி மேல் மாட்டினால், வானத்திலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண லாரி. 700-க்கும் மேல் தயாரானது.

ஆனால், வேஷத்தைவிட அதைப் போட்ட வரிசைதான் முக்கியம். வடக்கே முதலில் நிஜ லாரிகளையும் காலிக் கூடுகளையும் நிறுத்திவிட்டார்கள். தினமும் அதையே பார்த்து எதிரிக்குப் பழகிவிட்டது. பிறகு ஓர் இரவில் டாங்கிகள் வந்து கூடுகளுக்குள் புகுந்துகொண்டன. மணலில் பதிந்த சங்கிலித் தடத்தை அழித்தார்கள். டாங்கிகள் முன்பு நின்ற இடத்தில் போலி டாங்கிகள். நேற்றைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் பக்கத்தில் வைத்தால், எதுவுமே நகரவில்லை!

எனக்குப் பிடித்தது தண்ணீர்க் குழாய் கதை. தெற்கு நோக்கி சுமார் 32 கிலோமீட்டருக்குக் குழாய் போடுவதுபோல நடித்தார்கள். குழாய் என்பது பழைய பெட்ரோல் டின்கள்தான். 8 கிலோமீட்டருக்குப் பள்ளம் தோண்டி, ஓரமாக டின்களை அடுக்குவார்கள். இரவில் பள்ளத்தை மூடிவிட்டு, அதே டின்களை எடுத்துப்போய் அடுத்த பள்ளத்தின் ஓரம் வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால், ஒரு பகுதி புதைத்தாயிற்று, அடுத்த பகுதி நடக்கிறது. இந்த வேகத்தில் வேலை முடிய நவம்பர் ஆகுமே என்று எதிரி கணக்குப் போட வேண்டும். அதற்குத்தான் அந்த நிதானம்.

கிட்டத்தில் வந்து பார்த்தால் இதெல்லாம் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. வானில் பிரிட்டிஷ் விமானப்படையின் கை ஓங்கியிருந்ததால், எதிரி விமானங்களால் தாழப் பறந்து நிதானமாகப் பார்க்க முடியவில்லை. அது இல்லாவிட்டால் கேன்வாஸ் கேன்வாஸாகத்தான் தெரிந்திருக்கும். கண்ணிவெடிகளையும் வேஷம் போட்டு ஏமாற்ற முடியாது. சண்டை 12 நாள்கள் வரை இழுத்தது.

அக்டோபர் 23 இரவு பீரங்கிகள் முழங்கியபோது, ஜெர்மன் தளபதி ரோம்மல் எகிப்திலேயே இல்லை. உடல்நிலை சரியில்லாமல் செப்டம்பரிலேயே ஊருக்குப் போயிருந்தார். அவர் அவசரமாகத் திரும்பி வந்து சேர இரண்டு நாள்கள் ஆயின.