13.6 வோல்ட் இருக்கு, ஆனா பேட்டரி இல்லை

எங்க சொசைட்டி கமிட்டி மீட்டிங்ல வருஷா வருஷம் வர்ற ஒரு சண்டை இருக்கு. "அலாரம் பேட்டரியை இப்பத்தானே மாத்தினோம், மறுபடியுமா? எல்லாம் டூப்ளிகேட் சரக்கு, கம்பெனிக்காரன் ஏமாத்தறான்" என்பார்கள். ஏமாத்தறவங்க இருக்காங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா நல்ல கம்பெனி பேட்டரியும் இங்கே நாக்பூரில் ரெண்டரை, மூணு வருஷத்தில் கை விரிச்சிடும். என் கட்சி இதுதான்: அந்தப் பேட்டரியை, சாகற வரைக்கும் ஓட்டற சாமானா நினைக்கக் கூடாது. தேதி பார்த்து மாத்தற சாமான் அது, கார் இன்ஜின் ஆயில் மாதிரி.

அலாரம் பேனல், கேமரா பேக்கப், சின்ன யு.பி.எஸ். என எல்லாத்துக்குள்ளேயும் இருப்பது பெரும்பாலும் ஒரே செங்கல்தான்: 12 வோல்ட், 7 ஏ.ஹெச்., ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல எடை. 'மெயின்டெனன்ஸ் ஃப்ரீ'ன்னு மேல எழுதியிருக்கும். அந்த ரெண்டு வார்த்தைதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தண்ணி ஊத்த வேண்டாம் என்பதுதான் அதுக்கு அர்த்தம். மக்கள் அதை 'கவலையே வேண்டாம்'னு படிச்சுக்கறாங்க. உண்மையில் தண்ணி ஊத்த வேண்டாம் இல்லை, ஊத்தவே முடியாது!

உள்ளே ஈயத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி இழையில் செஞ்ச ஒரு மெல்லிய பஞ்சு விரிப்பு இருக்கும். ஆசிட் எல்லாம் அதில் ஊறித்தான் இருக்கும், தளும்பாது. பேனல் இதை ஒரு நாளும் சும்மா விடறதில்லை. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் 13.6 வோல்ட் அளவில் கொஞ்சமா சார்ஜ் பண்ணிக்கிட்டே இருக்கும். பேட்டரி நிரம்பித் தயாரா நிற்க அது வேணும்தான். ஆனா அதே சார்ஜ்தான் பாசிட்டிவ் தகட்டின் ஈயச் சட்டத்தை நாளுக்கு நாள் அரிக்குது. கூடவே துளித் துளியா ஹைட்ரஜன் வால்வு வழியா வெளியே போகுது. போன ஹைட்ரஜன் போன தண்ணிதான், திரும்பி வராது. ஆக, ஒரு தடவைகூட கரண்ட் போகாத வீட்டிலும் இந்தப் பேட்டரி கிழவனாகும். "நான் யூஸே பண்ணலையே சார்"னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில்.

இதில் சூடு சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசம். சாதாரண ரகத்துக்குக் கம்பெனிகள் சொல்லும் ஆயுள் மூணு முதல் அஞ்சு வருஷம். அது 20, 25 டிகிரி சூட்டில். அதுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எங்க பேனல் மீட்டர் ரூம் சுவரில், தகரப் பெட்டிக்குள் இருக்கு. பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர் வேற. ஏப்ரல் மத்தியானம் உள்ளே தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன், 41 காட்டுச்சு. வருஷ சராசரி 35னு தாராளமா வெச்சாலும், அஞ்சு வருஷப் பேட்டரிக்கு ரெண்டரை வருஷம்தான். இதில் சூழ்ச்சி ஒண்ணுமில்லை, வெறும் வகுத்தல். சூடு ஏறினால் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்கணும். 40 டிகிரியில் கால் வோல்ட் அளவுக்குக் குறைஞ்சாத்தான் சரி. மலிவு பேனல்களுக்கு அந்த அறிவு கிடையாது.

இப்போ என் கோபத்துக்கு வர்றேன். வருஷ கான்ட்ராக்டில் வரும் பையன் பெட்டியைத் திறப்பான், மல்டிமீட்டர் வெப்பான், "13.6 வோல்ட், பேட்டரி ஓகே"ன்னு ஃபார்மில் டிக் அடிப்பான். அவன் அளந்தது பேட்டரியை இல்லை, சார்ஜரை! சார்ஜர் ஓடும்போது அந்த ரெண்டு கம்பியில் 13.6தான் காட்டும், பேட்டரி எந்த நிலைமையில் இருந்தாலும்.

2021 மே மாசம் மாட்டிய எங்க பேட்டரிக்கும் அப்படித்தான் வரிசையா ஓகே விழுந்தது. 2024 ஏப்ரலில் நானும் கீழ்வீட்டு மதுரைக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின்ஸை அணைச்சுட்டு உட்கார்ந்தோம். ("வெயில்ல இது தேவையா சார்?" என்றார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிச்சேன்.) பேனல் சும்மா இருக்கும்போது 0.15 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாள் முழுக்க 3.6 ஏ.ஹெச். சைரன் அடிச்சா இன்னொரு 0.6 ஆம்பியர் கூடும். அரை மணி அடிச்சாலும் மொத்தம் 4-ஐத் தாண்டாது. புதுப் பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்களுது மெயின்ஸ் போனதும் 12.5 காட்டியது, பார்க்க ராஜா மாதிரி. சைரனைப் போட்டதும் 10.4க்கு விழுந்தது. நல்லதாயிருந்தா 12க்குக் கீழ இறங்கியிருக்காது. சைரனை நிறுத்திட்டுச் சும்மா விட்டோம், அஞ்சு மணி நேரத்தில் பேனல் படுத்துடுச்சு. அதாவது 7 ஏ.ஹெச்.னு எழுதின டப்பாவில் 1 ஏ.ஹெச்.கூட மிச்சமில்லை. இதுக்குத்தான் மூணு வருஷமா டிக்.

"சாகட்டும், அப்புறம் மாத்தலாம், எதுக்குக் காசை வீணாக்கணும்?" என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்கு. அங்கே செத்தா ஒரு ஃபைல் போகும், உங்களுக்கு உடனே தெரியும். அலாரத்தில் அது செத்தது எப்போ தெரியும்? கரண்ட் போன ராத்திரியில்தான். மெயின் ஃபியூஸைப் பிடுங்கிட்டு உள்ளே வர்றவனுக்கும் அதே ராத்திரிதான் வசதி. இங்கே நம்மில் பலபேருக்கு ஊரில் அப்பா அம்மா தனியா இருக்காங்க, இல்லேன்னா வீடு பூட்டிக் கிடக்கு. மொபைலில் கேமராவைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கோம். கரண்ட் போனதும் படம் போயிடுச்சுன்னா, 'நெட் பிரச்சனை'ன்னு நினைச்சுடறோம்.

கேமராவில் இன்னொரு சங்கடம். நாலு கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து 30 வாட் வாங்கினால் ரெண்டரை ஆம்பியர். ஏழை ரெண்டரையால் வகுத்து 'கிட்டத்தட்ட மூணு மணி'ன்னு கடைக்காரர் சொல்லுவார். ஆனா அந்த 7 ஏ.ஹெச். என்பது 20 மணி நேரம் மெதுவா, 0.35 ஆம்பியரா எடுத்தால் வரும் கணக்கு. வேகமா எடுத்தா குறையும், புதுசிலேயே ரெண்டு மணி நேரம்தான் எதிர்பார்க்கலாம். மூணு வருஷம் கழிச்சு இருபது நிமிஷம் நின்னாலே பெரிசு. அதோட, 10.5 வோல்ட்டில் தானா கட் ஆகாத மலிவு பெட்டியா இருந்தா, நீண்ட பவர் கட்டில் கடைசித் துளி வரை உறிஞ்சிடும். அப்படி ரெண்டு மூணு தடவை காலியாக் கிடந்தா ஒரு வருஷத்திலேயே கதை முடிஞ்சுடும்.

அதனால இப்போ எங்க சொசைட்டியில் பேட்டரி மேலேயே மார்க்கரில் மாட்டின தேதி எழுதறோம். ரெண்டரை வருஷம் ஆனா கேள்வியே கேட்காம மாத்தறது. ஃபார்மில் வோல்டேஜ் எழுதும் கட்டத்தை அடிச்சுட்டு, 'மெயின்ஸ் அணைத்து, சைரனுடன்' என்று கையால் எழுதி வெச்சிருக்கோம். பெட்டியையும் மீட்டர் ரூமிலிருந்து மாடிப்படிக்கு அடியில், நிழலான சுவருக்கு மாத்தினோம். பத்து டிகிரி குறைச்சா கிடைக்கிற ஆயுள் எந்த விலை உயர்ந்த பிராண்டிலும் கிடைக்காது. பக்கம் உப்பிப் போயிருந்தால் மட்டும் தேதி பார்க்காதீங்க. உடனே சார்ஜரைக் கழட்டிடுங்க.

ஊருக்குப் போகும்போது அங்கே மாட்ட வாங்கறவங்க, டப்பாவின் தயாரிப்புத் தேதியைப் பாருங்க. ஒரு வருஷம் கடை அலமாரியில் சார்ஜ் இல்லாமல் தூங்கினது புதுசு இல்லை. 'ஸ்பேர் இருக்கட்டும்'னு ரெண்டா வாங்கி வைக்கறதும் அதே கதைதான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பண்ண ஆள் இருந்தாலொழிய. பழசைக் குப்பையில் போடாம கடையிலேயே கொடுங்க. ஈயத்துக்கு விலை உண்டு, புதுசின் பில்லில் கழிச்சுக்குவாங்க.