கேள்விக்குப் பின் வரும் மௌனம்

காணொலி அழைப்பில் நடத்தும் பயிற்சியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "ஏதேனும் ஐயம் உண்டா?" என்று கேட்டுவிட்டால் பங்கேற்பு தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை சுகாதாரப் பயிற்றுநர்களிடையே இருக்கிறது. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே கழிகிறது. அழைப்பிலோ ஒலி வந்துசேரும் தாமதமும், மைக்கைத் திறக்கும் நேரமும், வேறொருவர் பேசட்டும் என்ற தயக்கமும் சேர்ந்து அதைப் பல மடங்காக்குகின்றன. ஆகவே அங்கே நிலவும் மௌனம் புரிந்ததற்கும் சான்றாகாது, புரியாததற்கும் சான்றாகாது.

அந்தக் கேள்வி மட்டும் ஊடாட்ட இடமாகிவிடாது. ஊடாட்ட இடம் என்பது பங்கேற்பவர் ஏதேனும் ஒன்றைச் செய்தே ஆக வேண்டிய இடம். கிராமச் செவிலியர்களுக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) குறித்து 40 நிமிட வகுப்பு நடத்துவதாகக் கொண்டால், முதல் 3 நிமிடம் அனைவரும் சாட்டில் ஒரு சொல் எழுதிப் பழகுவதற்குப் போகும், அதன் பின் கரைக்கும் முறை, கொடுக்கும் அளவு, ஆபத்து அறிகுறிகள் என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் 7 நிமிட விளக்கமும் 4 நிமிடக் கேள்வியும் அமையும், மீதி 4 நிமிடம் இணைப்பு அறுந்து மீள்வோருக்கானது.

முதல் பகுதியின் கேள்வி விளக்கத்துக்கு முன்பே வர வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைத் தாய் 200 மி.லி. நீரில் கரைத்துவிட்டால் மேலும் நீர் சேர்த்துக் கொடுக்கலாமா, அப்படியே கொடுக்கலாமா என்று கேட்டு, விடையைத் தட்டச்சு செய்துவிட்டு, "அனுப்புக" என்று சொல்லும்வரை காத்திருக்கச் செய்வது நல்லது. இல்லையேல் முதலில் வந்த விடையையே மற்றவர்களும் எழுதிவிடுவர். கரைசல் ஐந்து மடங்கு அடர்ந்து, குழந்தையின் இரத்தத்தில் சோடியம் மிகையாகலாம் என்ற விளக்கம், தவறாக விடை எழுதியவரின் காதில் அப்போதுதான் உண்மையாக விழும். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் கண்டபடி, ஆசிரியர் காத்திருக்கும் ஒரு நொடியை மூன்றாக நீட்டினாலே விடைகள் வளர்கின்றன. தட்டச்சுக்கு அது போதாது, 20 நொடியாவது விட வேண்டும்.

பல செவிலியர்கள் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்திருப்பதும் வழக்கம் என்பதால், விடைகளின் எண்ணிக்கை குறைந்தால் உடனே கவனக்குறைவு என்று முடிவுகட்டலாகாது. அத்தகைய குழு "அ 3, ஆ 1" என்று எண்ணி எழுதினால், உள்ளுக்குள் நடந்த விவாதமும் வெளிப்படும். எல்லா விடையும் சரியாக வந்தால் கேள்வி எளிது என்று பொருள். அடுத்த முறை அதை மாற்ற வேண்டும்.

நேரம் போதாதபோது பயிற்றுநர்கள் கேள்விகளைக் கைவிட்டு விளக்கத்தை விரைவாக முடிக்கிறார்கள். அதற்கு மாறாக, கொடுக்கும் அளவு பற்றிய பகுதியை அச்சிட்ட தாளாக அனுப்பிவிட்டு, கேள்விகளை அப்படியே வைத்திருக்குமாறு இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.