பங்குதாரர் அனுப்பியதெல்லாம் முதலா?

பங்குதாரர் பெயரில் வரவு வந்தால் முதல், அவர் பெயரில் பற்று இருந்தால் எடுப்பு, மற்ற வரவெல்லாம் விற்பனை. கூட்டு நிறுவனங்களின் பேங்க் ஸ்டேட்மென்டைப் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால், பணம் யார் கணக்கிலிருந்து வந்தது என்றுதான் ஸ்டேட்மென்ட் சொல்லும். எதற்காக வந்தது என்று சொல்லாது.

மச்சான் மாப்பிள்ளை இருவர் சரிபங்கில் நடத்தும் ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 1 அன்று மாப்பிள்ளையின் சொந்தக் கணக்கிலிருந்து கடைக் கணக்குக்கு ரூ.1,85,000 வருகிறது. கணக்கர் முழுவதையும் முதலில் வரவு வைத்துவிடுகிறார். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் எடுத்தால், மூன்று கட்டட மேஸ்திரிகளின் பழைய பில்கள் அப்படியே நிற்கின்றன. போன் செய்தால், "அண்ணன் நம்பருக்கு ஜிபே போட்டாச்சுங்களே" என்கிறார்கள்.

இந்த இடத்தில் மாப்பிள்ளையின் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்க வேண்டும். கொஞ்சம் சங்கடமான கேள்விதான். மே கடைசி வாரத்தில் 50,000, 35,000, 25,000 என்று மூன்று வரவுகள், மொத்தம் 1,10,000. அது மேஸ்திரிகள் பாக்கியில் கழிய வேண்டிய பணம். மீதி 75,000 நகைக்கடனில் வந்தது. அது மட்டுமே முதல். நகைக்கடன் ரசீதின் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரித் துறை நிறுவனத்தைத்தான் கேட்கும்.

திருத்தாமல் விட்டால்? ஒப்பந்தப் பத்திரப்படி முதலுக்கு 12 சதவீத வட்டி என்றால், அந்த 1,10,000-க்கு மார்ச் வரை பத்து மாதத்தில் ரூ.11,000 மாப்பிள்ளைக்குப் போகும். கடை லாபத்திலிருந்து போவதால் மச்சானுக்கு 5,500 நஷ்டம். முழுவதையும் விற்பனை என்று எழுதினாலோ, நகைக்கடனுக்கும் வரி கட்ட நேரும். பில் போடாத சில்லறை விற்பனைப் பணம் இப்படிப் பங்குதாரர் கணக்கு வழியாக வந்தால் பாக்கிப் பட்டியல் காட்டிக்கொடுக்காது. சரக்கை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எடுப்பிலும் பெயர் ஏமாற்றும். மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைச் செக் கொடுத்தால் ஸ்டேட்மென்டில் பள்ளியின் பெயர் இருக்கும். ஆனால் அது எடுப்பு. லாரி வாடகையை மச்சான் தன் கைக்காசில் கொடுத்து, பிறகு கடையிலிருந்து வாங்கிக்கொண்டால் அவர் பெயர் இருக்கும். அது எடுப்பு அல்ல.

மாதாமாதம் போகும் 30,000 சம்பளமா எடுப்பா என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி போன்றவை சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். தான் போட்ட முதலையே அவர் திரும்ப எடுத்தால் அந்தப் பிடித்தம் கிடையாது.