புந்தோங் கடையில் சிங்கப்பூர்ச் செயலி

ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடை மேசையில் இருக்கும் இளஞ்சிவப்பு அட்டை மலேசியாவின் டூயிட்நவ் கியூஆர். 2023 மார்ச் 31 முதல் அது சிங்கப்பூரின் நெட்ஸ் முறையோடு இணைக்கப்பட்டிருப்பதால், இணைப்பில் சேர்ந்த சிங்கப்பூர் வங்கியின் செயலியாலேயே பயணி அதை ஸ்கேன் செய்யலாம். அட்டையிலுள்ள கியூஆர் கட்டத்துக்குள் பணம் எதுவும் இல்லை. கடையின் அடையாளமும், நாட்டைக் குறிக்கும் `MY`, ரிங்கிட்டைக் குறிக்கும் `458` போன்ற குறியீடுகளுமே உள்ளன. பயணி 18 ரிங்கிட் என்று தட்டுகிறார். அதற்கு எத்தனை சிங்கப்பூர் டாலர் என்பதைச் செயலி காட்டுகிறது. பயணிக்கு உண்மையான விலை தெரியும் இடம் அந்தத் திரைதான். பலரோ அதைப் பாராமலே உறுதி செய்துவிடுகிறார்கள். கணக்கில் டாலர் கழிகிறது, கடைக்காரருக்கு ரிங்கிட் சேர்கிறது.

சிக்கல் பழைய ரப்பர் தோட்டத்து மளிகைக் கடைகளில் வரலாம். அங்கே ஒட்டியிருப்பது கடைக்காரரின் சொந்தக் கணக்குக்கான கட்டமாக இருந்தால், வெளிநாட்டுச் செயலி அதை ஏற்காது. இந்த இணைப்பு வணிகக் கட்டங்களுக்கானது. ரோமிங் இணையம் நடுவில் அறுந்தால் மறுபடி செலுத்துவதற்கு முன் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் நம்ப வேண்டியது தம் கைப்பேசிக்கு வரும் அறிவிப்பை. வாடிக்கையாளர் நீட்டும் திரையை அல்ல.