பெரிய பாக்கெட் யாருக்கு மலிவு?

"பெருசா வாங்கினா உங்களுக்குத்தான் மிச்சம், ஐயா."

எங்கள் மூத்த குடிமக்கள் சங்கத்தின் கடிதத்தை வாசித்துவிட்டு மளிகைக் கடை அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவர் நல்ல மனிதர். அளவில் கை குறையாதவர். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் விட்டுவிட முடியவில்லை. அவர் மட்டுமா சொல்கிறார்? எங்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சங்கத்திலேயே பாதிப் பேர் சொல்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு, சில்லறையாக வாங்கினால் நஷ்டம் என்பது கேள்வி கேட்கத் தேவையில்லாத உண்மை போல ஊறிக் கிடக்கிறது. நாலு பேர், ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் அது உண்மை. ஒருவரோ இருவரோ இருக்கும் வீட்டில் அது பொய். அந்த வீடுகளின் சார்பில்தான் நாங்கள் எழுதினோம்.

கடிதத்தில் கேட்டது இரண்டே விஷயம். ரவை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கடுகு, சீரகம், மிளகு போன்றவற்றை 100, 250 கிராம் அளவில் தர வேண்டும். நல்லெண்ணெய் 200 மில்லி கிடைக்க வேண்டும். அடுத்து, படியேறி இறங்க முடியாத 22 வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாமான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். "தள்ளுபடி கேட்கவில்லை" என்று கடிதத்திலேயே தனி வரியாக எழுதியிருந்தோம். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வயதானவர்கள் எழுதினால் அது சலுகை கேட்கும் மனு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடிதம் எழுதக் காரணமான வீட்டைச் சொல்கிறேன். லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடி, 76 வயது, தனியாக இருக்கும் அம்மா. ஒருநாள் சந்தாப் பணம் வாங்கப் போனபோது சமையலறைத் தரையில் பழைய வேட்டியை விரித்து ரவையைக் கொட்டி வைத்திருந்தார். அங்கங்கே கட்டிகட்டியாக இருந்தது. ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். இழுத்தால் சிலந்தி நூல் போல மெல்லிய நூலில் ரவைமணிகள் கோத்துக்கொண்டு வந்தன. அந்துப்பூச்சியின் புழு கட்டிய கூடு அது. சல்லடையில் சலித்தால் தூள் விழுகிறது, நூலும் புழுவும் மேலே நிற்கின்றன, ஆனால் வாடை போவதில்லை. "எறிய மனசு வரலைங்க, சார். பாதிக்குக் கொஞ்சம் குறைச்சலா இருக்கு" என்றார்.

அவர் வாரத்தில் இரண்டு நாள் உப்புமா கிளறுவார், ஒரு தடவைக்கு 50 கிராம் ரவை. வாரத்துக்கு 100 கிராம். ஒரு கிலோ பாக்கெட் தீரப் பத்து வாரம் வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பிரித்த ரவை அவ்வளவு நாள் தாங்காது. அவருக்கு ஆறரை வாரத்தில் நூல் கட்டிவிட்டது. அதாவது 650 கிராம் சாப்பிட்டார், 350 கிராம் குப்பைக்குப் போனது.

இப்போது கணக்கைப் போடுவோம். விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக ஒரு கிலோ 60 ரூபாய், கால் கிலோ 18 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு கால் கிலோ 72 ரூபாய். பெரிய பாக்கெட்டில் 12 ரூபாய் மிச்சம், இதுதான் எல்லாரும் போடும் கணக்கு. ஆனால் அந்த அம்மா சாப்பிட்டது 650 கிராம்தான். அதைச் சின்ன பாக்கெட் விலையில் வாங்கியிருந்தால் 46 ரூபாய் 80 காசு. அவர் கொடுத்தது 60. மிச்சம் எங்கே? பதிமூன்று ரூபாய் நஷ்டம். வாங்கியதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 167 கிராம், வீணானாலே பெரிய பாக்கெட்டின் மலிவு காணாமல் போய்விடுகிறது. கடைக்காரரின் தராசில் ஏறும் எடையைப் பார்த்துத்தான் எல்லாரும் விலையைப் பேசுகிறார்கள். அடுப்பில் ஏறும் எடையைப் பார்த்துப் பேச வேண்டும்.

வறுத்து வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், தாங்கும். ஆனால் ஒரு கிலோ ரவையைக் கருகாமல் வறுக்க எவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று முழங்கால் தேய்ந்தவரைக் கேட்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்பதும் சரி. அப்படியானால் மாவு, பயறு, மிளகாய்ப்பொடி எல்லாவற்றுக்கும் அதில் இடம் வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உப்பும் சர்க்கரையும் பூச்சி பிடிக்காது. காற்றுப் படாமல் வைத்தால் கிலோவாகவே வாங்கலாம். துவரம் பருப்பு தினமும் செலவாகிற சாமான், அதோடு உடைத்த பருப்பில் பயறு வண்டு அவ்வளவாக ஏறாது. முழுப்பயறுதான் ஆபத்து. பச்சைப்பயறையோ தட்டப்பயறையோ வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தோலில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டின் முட்டை. வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டு வெளியே வரும். மாதத்துக்கு 200 கிராம் பயறு செலவாகிற வீட்டில் ஒரு கிலோ வாங்கி வைத்தால் மீதி யாருக்கு? நல்லெண்ணெயும் அப்படித்தான். பாட்டிலைத் திறந்த நாளிலிருந்து காற்றும் வெளிச்சமும் பட்டுக் காறத் தொடங்கும். சிக்கு வாடை வந்த எண்ணெயைக் கொட்ட மனமில்லாமல் தாளித்துச் சாப்பிடுகிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு.

இதையெல்லாம் தமிழர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. காபிப்பொடிக் கடையில் 100 கிராம் அரைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் யாராவது முறைக்கிறார்களா? வாசனை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். காபிக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை ரவைக்கு ஏன் மறுக்க வேண்டும்?

சின்ன அளவு விற்றால் கடைக்குக் கட்டாது என்பது அடுத்த வாதம். இதை வேறு எந்த ஊரில் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம், தமிழ்நாட்டில் சொல்லக் கூடாது. ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவோடு தனியாகத் தொழில் தொடங்கி அதே வழியில் வளர்ந்தார். பாட்டில் வாங்க முடியாதவர் கையில் இருந்த சில்லறைக்கு ஏற்ப அளவைக் குறைத்தார்கள், வியாபாரம் பெருகியது. எங்களுக்குப் பணம் குறைவில்லை, வயிறு சின்னதாகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"கம்பெனியே இப்படித்தான் அனுப்புது" என்றும் அண்ணாச்சி சொன்னார். அரிசி, மாவு, காபி, தேயிலை, எண்ணெய் போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள்கள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது உண்மை. 2021-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதே திருத்தம் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை, கூடின பாக்கெட்டில் கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிடவும் சொல்கிறது. அதனால் சின்ன பாக்கெட்டுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது எங்களுக்கும் தெரியும். அந்தக் கூடுதலைக் கொடுக்கத் தயார் என்றுதான் எழுதியிருக்கிறோம்.

அதோடு ரவைக்கும் பயறுக்கும் கம்பெனி எதற்கு? மூட்டையிலிருந்து கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்தால் போதும். எங்கள் அப்பா காலத்து மளிகைக் கடை அப்படித்தான் நடந்தது. செய்தித்தாளில் மட்டும் மடிக்க வேண்டாம். அச்சு மை ஆகாது என்பதால் உணவுப் பாதுகாப்பு விதி அதைத் தடுக்கிறது. பழுப்புக் காகிதம் போதும், அல்லது நாங்கள் டப்பா கொடுத்து அனுப்புகிறோம். எண்ணெய் விஷயம் வேறு. உதிரியாக ஊற்றி விற்கச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே 200 மில்லி பாக்கெட்டை ஏஜென்சியிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டியதுதான். அது அண்ணாச்சிக்குக் கூடுதல் வேலை, மறுக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதில்தான் எங்கள் கோரிக்கையே ஒன்றோடொன்று மோதுவது போலத் தோன்றும். நூறு ரூபாய் சாமானுக்கு ஒரு ஆள் மாடி ஏறினால் கடைக்காரருக்கு என்ன நிற்கும்? நியாயமான கேள்வி. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை கடைப் பையனோடு நானும் நடந்தேன். ஒருவர் கூப்பிட்டதும் ஓடி, திரும்பி, அடுத்தவர் கூப்பிட்டதும் மறுபடி ஓடினால் வீட்டுக்கு இருபது நிமிடம். பத்து வீட்டுக்கு 200 நிமிடம். பத்தையும் ஒரே நடையில் முடித்தபோது 75 நிமிடம் ஆனது. மணிக்கு 80 ரூபாய் கூலி என்று வைத்தால் முதல் வழியில் வீட்டுக்கு 27 ரூபாய், இரண்டாவது வழியில் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாயைப் பில்லில் தனியாகப் போடச் சொல்லிவிட்டோம்.

நடந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நேரத்தைத் தின்றது மாடிப்படி அல்ல, வாசல். சில்லறை தேடுவது, கண்ணாடி தேடுவது, "இது நான் சொன்னதில்லையே, தம்பி" என்பது. ஒரு வீட்டில் கருப்பு உளுந்து கேட்டவருக்கு வெள்ளை உளுந்து போயிருந்தது. அதிலேயே ஒன்பது நிமிடம். ஆகவே கடிதத்தைத் திருத்தி எழுதினோம். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குள் எல்லார் பட்டியலையும் சங்கமே வாங்கி ஒரே தாளில் எழுதிக் கொடுக்கும். கடை பில் தொகையைப் போனில் சொல்லிவிடும், சில்லறை தயாராக இருக்கும். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வேண்டுமென்றால் அதை வீட்டுக்கு வைக்காமல் நடைக்கு வைக்கட்டும்: ஒரு நடைக்கு 1500 ரூபாய். பத்து வீடு சேர்ந்தால் அது தானாக வந்துவிடும். பையன் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் சமையலறை மேடையில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குனிந்து தூக்க முடியாதவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடே.

"ஆப்பில் போட்டால் வருமே" என்கிறார்கள் பிள்ளைகள். வரும். அதே ஒரு கிலோ பாக்கெட் வரும். வண்டு விழுந்த பயறை அதனிடம் திருப்பிக் கொடுக்க அந்த இரண்டாம் மாடி அம்மாவுக்குத் தெரியாது. அண்ணாச்சியிடம் கொடுப்பார், அவரும் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றித் தருவார்.

திருத்திய கடிதத்தைக் கொடுத்து மூன்று வாரமாகிறது. செவ்வாய் நடை தொடங்கிவிட்டது, வெள்ளிக்கு ஆள் இல்லை என்கிறார். ரவையும் பயறும் கால் கிலோவாக நிறுத்துத் தருகிறார். அந்த அம்மா டப்பாவில் வாங்கின தேதியை எழுதி ஒட்டியிருக்கிறார். 200 மில்லி நல்லெண்ணெய்க்கு ஏஜென்சியிலிருந்து பதில் வரவில்லை. வருகிற செவ்வாய் மறுபடி கேட்கப் போகிறேன்.