ஒரு கேண்டில், ஒரு கோடு, ஒரு லட்சம் ரூபாய்

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருத்தர். போட்டுல போறவர். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கும். அந்த ரெண்டு மாசமும் அவர் கையில போனும், போனுல நிஃப்டியும் ஏறிடும். ராமநாதபுரத்துல ஏதோ ஒரு மண்டபத்துல ஞாயித்துக்கிழமை வகுப்பு நடந்துச்சாம், காசு கட்டிப் போய்க் கத்துக்கிட்டு வந்திருக்கார். டீக்கடையில என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையே, "அண்ணே, சப்போர்ட்டுக்குப் பக்கத்துல புல்லிஷ் என்கல்ஃபிங் வந்துருக்கு. எண்பது சதவீதம் ஏறிரும்ணே."

எண்பது எங்கேருந்து வந்துச்சு தம்பின்னு கேட்டேன். சார் சொன்னாருன்னார். அந்தச் சார் யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்லை. ஆனா இந்த "கோட்டுக்குப் பக்கத்துல என்கல்ஃபிங் வந்தா வாங்கு, டோஜி வந்தா திரும்பும்"ங்கிற மந்திரத்தைப் பத்தி ரொம்ப நாளா புலம்பணும்னு இருந்தேன். இன்னைக்கு மாட்டிக்கிட்டீங்க :)

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு நாளோட ஆரம்ப விலைக்கும் முடிவு விலைக்கும் நடுவுல இருக்கிறது கேண்டிலோட உடம்பு. அதுக்கு மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு இருக்கிற குச்சி அன்னைக்குத் தொட்ட உச்சமும் அடியும். நேத்தைய சிவப்பு உடம்பை இன்னைக்குப் பச்சை உடம்பு முழுசா முழுங்கினா புல்லிஷ் என்கல்ஃபிங். ஆரம்பமும் முடிவும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல இருந்தா டோஜி. அவ்வளவுதான் விஷயம்.

கதை அடிக்காம, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற மாசத்தை எடுத்துக்குவோம். 2020 மார்ச். கொரோனா வந்து நிஃப்டி கல்லு மாதிரி விழுந்த மாசம்.

மார்ச் 12, வியாழக்கிழமை. நிஃப்டி 10,040-ல ஆரம்பிச்சு 9,590-ல முடிஞ்சுது. மறுநாள் வெள்ளி காலையில 9,108-ல திறந்து, சில நிமிஷத்துலயே பத்து சதவீதம் விழுந்து, லோயர் சர்க்யூட் அடிச்சு, வியாபாரத்தை 45 நிமிஷம் நிறுத்தினாங்க. அன்னைக்கு அடி 8,555. அப்புறம் திரும்பினான் பாருங்க! சாயங்காலம் முடிஞ்சது 9,955. அடியில இருந்து 1,400 பாயின்ட். 12ஆம் தேதி உடம்பை முழுசா முழுங்கலை, ஆரம்ப விலையான 10,040-க்கு 85 பாயின்ட் குறைச்சல். பாதிக்கு மேல ஏறிட்டதால புத்தகத்துல இதுக்குப் பேரு பியர்சிங் லைன். என்கல்ஃபிங்கோட தம்பின்னு வச்சுக்குங்க.

இப்போ ஒரு சின்ன வேலை செய்வோம். அந்த ரெண்டு நாளையும் ஒட்டி ஒரே கேண்டிலா ஆக்குங்க. ஆரம்பம் 10,040, முடிவு 9,955, அடி 8,555, உச்சம் 10,159. மொத்த வீச்சு 1,604 பாயின்ட், உடம்பு வெறும் 85. கீழே நீளமா ஒரு வால். அதாவது அச்சு அசலா ஒரு டோஜி, அதுலயும் டிராகன்ஃப்ளை வகைக்குப் பக்கத்துல வர்ற டோஜி! இதைத்தான் முதல்ல மண்டையில ஏத்திக்கணும். பியர்சிங் லைன், என்கல்ஃபிங், டோஜி, சுத்தியல் எல்லாம் தனித்தனி ஜந்து இல்ல. ஒரே விலை ஓட்டத்தை எந்த இடத்துல கத்தி வச்சு நறுக்குறோம்கிறதைப் பொறுத்துப் பேரு மாறுது. காலை 9.15-க்கும் மதியம் 3.30-க்கும் நறுக்கச் சொன்னது என்எஸ்இ. விலைக்கு அது தெரியாது.

வகுப்புச் சாருங்க ஒரே சமயத்துல மூணு பேட்டர்னைக் காட்டி "மூணு சாட்சி சொல்லுது பாருங்க"ம்பாங்க. மூணு சாட்சி இல்லங்க. ஒரே சாட்சி மூணு சட்டை மாத்திக்கிட்டு வந்து நிக்கிறான்.

சரி, அந்த 13ஆம் தேதியை நம்பி முடிவு விலையில ஒரு லாட் வாங்கினவன் கதி? அப்போ நிஃப்டி ஒரு லாட் 75. பாடப்படி ஸ்டாப் லாஸ் அன்னைக்கு அடியான 8,555-க்குக் கீழே. 9,955-ல வாங்கி 8,555 போனா 1,400 பாயின்ட், 75-ஆல பெருக்கினா 1,05,000 ரூபாய். மார்ச் 18 புதன்கிழமை நிஃப்டி 8,469-ல முடிஞ்சுது. வாங்கினதுல இருந்து மூணாவது வியாபார நாள், லட்சம் காலி. கேண்டில் எவ்வளவு பிரமாதமா இருக்கோ அவ்வளவு தூரத்துல ஸ்டாப் லாஸ் போய் உக்காரும். பார்க்க அழகா இருக்கிற பேட்டர்னே செலவுக்காரப் பேட்டர்ன். இதை எந்த மண்டபத்துலயும் சொல்லித்தர மாட்டாங்க போல.

அடுத்தது மார்ச் 23, திங்கள். மறுபடி லோயர் சர்க்யூட், முடிவு 7,610. மார்ச் 24: ஆரம்பம் 7,848, முடிவு 7,801, அடி 7,511, உச்சம் 8,037. வீச்சு 526, உடம்பு 47. கணக்குப் போட்டா ஒன்பது சதவீதம். உடம்பு வீச்சுல பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா டோஜின்னு வச்சா இது டோஜி. அஞ்சு சதவீதம்னு வச்சா இல்லை. யார் எந்த வரையறை வச்சிருக்கீங்கன்னு முன்கூட்டியே எழுதி வச்சீங்களா? இல்லைன்னா ஜெயிச்சதெல்லாம் டோஜி, தோத்ததெல்லாம் "அது சரியான டோஜி இல்லப்பா". வேண்டப்பட்டவன்னா சொந்தம், வேண்டாதவன்னா தூரத்துச் சொந்தம்ங்கிற மாதிரி.

மார்ச் 25: ஆரம்பம் 7,735, முடிவு 8,318. முந்தின நாள் உடம்பை முழுசா முழுங்கிருச்சு. பக்கா என்கல்ஃபிங். அந்த 7,511தான் வீழ்ச்சியோட அடி, அதுக்கப்புறம் நிஃப்டி அங்கே திரும்பிப் பார்க்கவே இல்லை. "பார்த்தியா, வேலை செஞ்சுதுல்ல?"ன்னு துள்ளிக் குதிப்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

கோடு எங்கே? மேலே இருந்த பெரிய அடி 2016 டிசம்பர் மாசத்து 7,894. அதை 23ஆம் தேதியே உடைச்சுக் கீழே முடிஞ்சாச்சு. அதுக்குக் கீழே இன்னொரு பெரிய அடி 2016 பிப்ரவரி 29-ல வந்த 6,826. பாடப்படி உடைஞ்ச சப்போர்ட் ரெசிஸ்டன்ஸ் ஆகும். 24ஆம் தேதி நிஃப்டி 8,037 வரைக்கும் ஏறி, 7,894-க்கு மேல நிக்க முடியாம 7,801-ல முடிஞ்சுது. அதே புத்தகத்தை வச்சு நேர்மையா வாசிச்சா, "ரெசிஸ்டன்ஸுக்குப் பக்கத்துல டோஜி, விக்கணும்". கடைசி அடியில நின்னுக்கிட்டு விக்கச் சொல்லுது பாடம்!

ஆக, 13ஆம் தேதி கேண்டில் பெருசு, வால் நீளம், பரபரப்பு அதிகம். பத்து நாள்ல இன்னும் ஆயிரம் பாயின்ட் கீழே போச்சு. 24ஆம் தேதி கேண்டில் சாதாரணம், கோட்டுக்குத் தப்பான பக்கம், அதுதான் அடி. உருவத்தை மட்டும் பார்த்து இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. பிரிச்சது வேற விஷயம். மார்ச் 23-ல அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தேவைப்படுற அளவுக்குக் கடன் பத்திரம் வாங்குறோம்னு அறிவிச்சுது. மறுநாள் டவ் ஜோன்ஸ் பதினோரு சதவீதம் ஏறுச்சு. 25-ல நம்ம ஊர்ல ஊரடங்கு முதல் நாள். அன்னைக்கு ஃபேஸ்புக் ஜியோவுல பங்கு வாங்கப் பேசுதுன்னு வந்த செய்தியில ரிலையன்ஸ் பதினாலு சதவீதம் போல எகிறுச்சு. அந்த என்கல்ஃபிங் உடம்புக்குள்ள இதெல்லாம்தான் இருந்துச்சு. சார்ட்டுல கிடைச்ச உருப்படியான தகவல்னு ஒண்ணு சொல்லணும்னா, உடைஞ்ச 7,894-ஐ ஒரே நாள்ல மீட்டு மேலே முடிஞ்சதைச் சொல்லலாம். அது கோட்டோட தகவல். முழுங்கினதோட தகவல் இல்லை.

கோட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. பழைய உச்சம், பழைய அடி, 200 நாள் சராசரி, ஃபிபனாச்சி, முழு நூறு, முழு ஆயிரம்னு எல்லாத்தையும் வரைஞ்சா சார்ட்டு நம்ம பாம்பன் கரையில காயப்போட்ட வலை மாதிரி ஆயிரும். விலை எங்கே நின்னாலும் ஒரு கண்ணியில மாட்டும். அப்புறம் "கோட்டுக்குப் பக்கத்துல"ங்கிற நிபந்தனைக்கு அர்த்தமே இல்லை. கேண்டில் வர்றதுக்கு முன்னாடி வரைஞ்ச கோடுதான் கோடு. வந்தப்புறம் வரைஞ்சா அது அலங்காரம்.

ஆராய்ச்சிக்காரங்க என்ன சொல்றாங்கன்னா, ரெண்டு பக்கமும் இருக்கு, மறைக்க மாட்டேன். 1998-ல காகினால்ப், லாரன்ட்னு ரெண்டு பேர் எஸ்&பி 500 பங்குகளை வச்சுப் பார்த்து, சில மூணு நாள் பேட்டர்ன்களுக்குப் பலன் இருக்குன்னாங்க. 2006-ல மார்ஷல், யங், ரோஸ் மூணு பேர் டவ் ஜோன்ஸ் பங்குகளை வச்சுப் பார்த்து, கேண்டிலை நம்பி லாபம் பார்க்க முடியலைன்னாங்க. தாமஸ் புல்கோவ்ஸ்கி எண்ணிப் பார்த்ததுல புல்லிஷ் என்கல்ஃபிங் நூத்துக்கு 63 தடவை திரும்புது. கேட்க நல்லா இருக்குல்ல? ஆனா அவர் கணக்குல "திரும்புது"ன்னா பேட்டர்னோட உச்சத்துக்கு மேல ஒரு தடவை முடிஞ்சா போதும். அதுக்கப்புறம் எவ்வளவு தூரம் போகுதுன்னு 103 பேட்டர்னை வரிசைப்படுத்தினா இது 84ஆவது இடம். திரும்புது, ஆனா பஸ் ஸ்டாண்டு தாண்டலை. கேண்டிலை மேல்நாட்டுக்காரங்களுக்கு 1991-ல புத்தகம் போட்டுக் கொடுத்த ஸ்டீவ் நிசனே, இது விலை இலக்கு தராதுன்னுதான் சொல்றார்.

எண்பது சதவீதத்துல இன்னொரு ஓட்டையும் இருக்கு. நிஃப்டி நீண்ட காலமா ஏறுமுகம். கண்ணை மூடிக்கிட்டு ஏதோ ஒரு நாள் வாங்கி அஞ்சு நாள் கழிச்சு வித்தாலே பாதிக்கு மேல ஜெயிப்பீங்க. அந்தச் சும்மா கிடைக்கிற பங்கைக் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு காட்டினாத்தான் அது பேட்டர்னோட பெருமை. காட்டச் சொல்லிப் பாருங்க, பேச்சை மாத்துவாங்க.

அப்போ என்கல்ஃபிங்குக்கு எவ்வளவுதான் மரியாதை? என் கணக்கு இது. வாங்கலாமா வேண்டாமாங்கிறதை வேற காரணத்துல முடிவு பண்ணுங்க. முன்னாடியே வரைஞ்ச கோட்டுக்கு விலை வந்தப்புறம், என்னைக்கு வாங்குறது, ஸ்டாப் லாஸ் எங்கே வைக்கிறதுங்கிற ரெண்டுக்கும் மட்டும் கேண்டிலைக் கேளுங்க. பேட்டர்ன் அழகா இருக்குன்னு ஒரு லாட்டுக்குப் பதிலா ரெண்டு லாட் போடுறது மட்டும் கூடவே கூடாது. அழகா இருந்தா ஸ்டாப் தூரம், அதனால அளவைக் குறைக்கத்தான் வேணும். பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தினா கடலை உத்துப் பார்ப்பாங்களே தவிர, யாரும் போட்டை விக்க மாட்டாங்க.

இதையெல்லாம் தம்பிகிட்ட வாயால சொன்னா ஏறாதுன்னு, போனுல 2020 மார்ச் சார்ட்டை எடுத்து வலது பக்கத்தைக் கையால மூடிக்கிட்டேன். 13ஆம் தேதி வரைக்கும் மட்டும் தெரியுற மாதிரி. தேதியையும் மறைச்சாச்சு.

"வாங்கலாமா தம்பி?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்ணே. வாலைப் பாருங்க!"

கையை நகர்த்தினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. டீ ஆறிப்போச்சு. அப்புறம் 24ஆம் தேதி வரைக்கும் காட்டி மறுபடி மூடினேன்.

"இப்போ?"

"ஐயோ வேணாம்ணே. சப்போர்ட் உடைஞ்சு கீழே கெடக்கு. விக்கலாம்ணே."

மறுபடி கையை எடுத்தேன்.

"இது எந்த வருசம்ணே?"ன்னார்.